முட்டை எவ்வளவு மிதக்கணும்: திரையில் எழுத வேண்டியதும் கேப்ஷனில் எழுத வேண்டியதும்

ஆடி பிறந்து சம்பாவுக்கு விதை எடுக்கும் நாட்களில், டெல்டா பக்கம் விதைநேர்த்தி ரீல்ஸ் வரிசையாக வர ஆரம்பிக்கும். நல்ல நோக்கத்தோடு, விஷயம் தெரிந்தவர்கள் போடுகிற வீடியோக்கள்தான். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. வீடியோவின் நடுவில் "உப்புக் கரைசலில் விதை நெல் தேர்வு செய்வது எப்படி?" என்று பெரிய எழுத்து. அதற்குச் சற்றுக் கீழே, கேப்ஷனின் முதல் வரியிலும் அதே வாக்கியம். பேசுகிறவரும் அதையே சொல்லித்தான் தொடங்குகிறார். மூன்று இடம் கையில் இருந்தும் போய்ச் சேர்ந்தது ஒரு தலைப்பு மட்டும். உப்பு எவ்வளவு, முட்டை எவ்வளவு மேலே வர வேண்டும், கழுவ வேண்டுமா என்பதெல்லாம் பேச்சின் நடுவே வேகமாக ஓடிவிடுகிறது.

என் கருத்து இது. திரை எழுத்தும் கேப்ஷனும் வேறு வேறு நேரத்தில் படிக்கப்படுபவை. திரை எழுத்தைப் படிக்கும்போது கண் வாளியின் மேல் இருக்கிறது. கேப்ஷனைத் தேடி வரும்போது அந்த ஆள் உப்புப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முதலாமவருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பது தேவை. இரண்டாமவருக்கு எவ்வளவு, எத்தனை முறை, அடுத்தது என்ன என்பது தேவை. ஒரே வாக்கியத்தால் இருவருக்கும் பதில் சொல்ல முடியாது.

இந்த உப்புக் கரைசல் வீடியோவையே எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். நீளம் 35 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 3 வினாடியில் வாளியில் நெல்லைக் கொட்டியதும், உள்ளே அரிசி பிடிக்காத கருக்காய் மேலே மிதந்து வருகிற காட்சி. இங்கே தலைப்பு வேண்டாம். "மிதக்குறதை விதைக்காதீங்க" என்று எழுதினால் போதும். காட்சியில் தெரிவது மிதப்பது. எழுத்து சொல்வது அதை என்ன செய்ய வேண்டும் என்பது. படம் காட்டுவதையே எழுத்தும் சொன்னால், அதாவது "நெல் மிதக்கிறது" என்று எழுதினால், அதுவும் கேப்ஷனைத் திருப்பிச் சொல்வது போன்ற வீண்தான்.

அடுத்து உப்புக் கரைக்கிற காட்சி. 10 லிட்டர் தண்ணீருக்கு 1.5 கிலோ உப்பு. இதைத் திரையில் போடத்தான் எல்லாருக்கும் கை வரும். நான் போட மாட்டேன். பேச்சில் சொல்லிவிட்டு, எழுத்தில் கேப்ஷனுக்கு விடுவேன். காரணம், இந்த அளவை யாரும் பார்த்த நிமிடத்தில் பயன்படுத்தப் போவதில்லை. நாளைக் காலையில் தேடும்போது, வீடியோவை முன்னும் பின்னும் இழுத்து அந்த இரண்டு வினாடியைப் பிடிப்பது பெரும் தொல்லை. கேப்ஷனில் இருந்தால் திறந்ததும் கண்ணில் படும்.

அதற்குப் பிறகு முட்டை. வீடியோவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நல்ல தண்ணீரில் அடியில் கிடக்கும் முட்டை, உப்புக் கரையக் கரைய மேலே எழும்பி, ஒரு சிறு வட்டம் மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும். அந்த வட்டம் பழைய 25 காசு அளவு வந்ததும் கரைசல் சரி. இதை எத்தனை வரி கேப்ஷன் எழுதினாலும் காட்ட முடியாது. ஆகவே அந்த இடத்தில் கேமராவை அருகில் கொண்டுபோய், காட்சியை 4 வினாடி நிறுத்தி, வெளியே தெரியும் பகுதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இவ்வளவு தெரியணும்" என்று இரண்டே சொல் எழுதுங்கள். கேப்ஷனில் இதே விஷயம் வேறு உருவத்தில் வரட்டும்: "25 காசு அளவு வட்டம் வெளியே தெரிய வேண்டும்." பார்வையற்றவர்கள் போனைப் பேசவிட்டுக் கேட்கும்போது வீடியோவுக்குள் பதித்த எழுத்தைப் பெரும்பாலும் அது படிக்காது, கேப்ஷனைப் படிக்கும். சுட்டிக்காட்டுவது திரையின் வேலை, சொல்லால் அளந்து கொடுப்பது கேப்ஷனின் வேலை.

மிதந்த கருக்காயை அள்ளி எடுக்கும் அடுத்த 8 வினாடிக்கு எழுத்தே வேண்டாம். கை என்ன செய்கிறது என்று தெளிவாகத் தெரியும் இடத்தில் எழுத்து வந்தால் கண் கையை விட்டு எழுத்துக்குப் போய்விடும். வெறும் திரையைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை.

கடைசிக் காட்சி, அடியில் தங்கிய நெல்லை அலசுவது. "உடனே நல்ல தண்ணியில 3 அலசு" என்று எழுதுங்கள். முட்டை வரியைப் போல இதையும் திரையிலும் கேப்ஷனிலும் வைப்பேன். உப்பு ஒட்டிய விதை முளைப்பில் அடிவாங்கும். இந்தப் படியை விட்டால் செய்த வேலை முழுக்கக் கெட்டுவிடும். இரண்டு இடத்தில் வந்தாலும் ஒரே சொல்லில் வராமல், திரை கட்டளையாகவும் கேப்ஷன் காரணமாகவும் இருக்கட்டும்.

இப்போது கேப்ஷன் இப்படி அமையும்:

"சொந்த விதை எடுத்து வைத்தவர்களுக்கு: 10 லிட்டர் தண்ணீர், 1.5 கிலோ உப்பு.
முட்டை புதியதாக இருக்கட்டும். 25 காசு அளவு வட்டம் வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு.
நெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முட்டையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.
அலசியபின் சூடோமோனாஸ் விதைநேர்த்தி: கிலோ விதைக்கு 10 கிராம், 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும்.
சி.ஆர். 1009, பொன்மணி, சம்பா விதை நெல், திருவாரூர்."

முதல் வரியைக் கவனியுங்கள். ரீல்ஸில் கேப்ஷன் ஒரு வரியோடு மடிந்து `more` என்று நிற்கும். அந்த ஒரு வரியும் நடுவில் உள்ள பெரிய எழுத்தும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். திருப்பிச் சொல்வது மிக அதிகமாக உறுத்துவது அங்கேதான். அதனால் யாருக்கு, எவ்வளவு என்ற இரண்டையும் அந்த வரியிலேயே முடித்துவிடுங்கள். முட்டை புதியதாக இருக்க வேண்டும் என்பது வீடியோவில் எங்கும் இல்லை, கேப்ஷனில் மட்டும் இருக்கிறது. நாள்பட்ட முட்டைக்குள் காற்று அதிகமாகி, உப்பில்லாத தண்ணீரிலேயே மிதக்கும். செய்து பார்த்து ஏமாறுகிறவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். சூடோமோனாஸ் வரியும் அப்படித்தான், வீடியோ முடிந்த இடத்திலிருந்து அடுத்த படி. ரகத்தின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதியது தேடலுக்காக. சி.ஆர். 1009 என்று தேடுகிறவரும் உண்டு, பொன்மணி என்று தேடுகிறவரும் உண்டு. இரண்டும் ஒரே நெல். இந்தப் பெயர்களைத் திரையில் அடுக்கினால் பார்ப்பவருக்கு இடைஞ்சல்தான்.

திரை சொன்னதைக் கேப்ஷன் திருப்பிச் சொல்லக் கூடாது என்றதும், சிலர் ஒரு வாக்கியத்தையே பாதியாக வெட்டி, "அளவு கீழே பாருங்க" என்று திரையில் எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் இது எடுபடாது. வீடியோ இறக்கப்பட்டு, ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும். அப்படிப் போகும்போது கேப்ஷன் கூட வராது. "கீழே" என்று சொன்ன இடத்தில் ஒன்றும் இருக்காது. அதனால் கேப்ஷன் இல்லாமலும் திரை தனியாக நிற்க வேண்டும். மேலே சொன்ன வீடியோ நிற்கும். 1.5 கிலோ என்பது தெரியாவிட்டாலும், முட்டை அந்த அளவு மேலே வரும்வரை உப்புப் போட்டால் கரைசல் சரியாகிவிடும். முட்டையைத் திரைக்கும் கிலோவை கேப்ஷனுக்கும் பிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பிரிப்பு உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. கேப்ஷனைப் போட்ட பிறகும் திருத்தலாம். வீடியோவில் பதித்த எழுத்தைத் திருத்த முடியாது. ஆகவே மாறக்கூடியதெல்லாம் கேப்ஷனுக்குப் போக வேண்டும்: விதை விலை, முகாம் நடக்கும் நாள், தொலைபேசி எண், தண்ணீர் திறக்கும் தேதி. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகிறது. "ஜூன் 12 தண்ணி வருது, குறுவைக்குத் தயாராகுங்க" என்று எழுத்தைப் பதித்த வீடியோ, அடுத்த ஆண்டு யாரோ பகிரும்போது ஒரு குடும்பத்தையே தவறான நாளில் நாற்று விட வைக்கும். தவிர்க்கவே முடியாமல் தேதியைத் திரையில் போட்டால், ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

பேசுவதை அப்படியே காட்டும் சப்டைட்டில் இந்தக் கணக்கில் சேராது. அது காது கேளாதவர்களுக்கும் சத்தத்தை அணைத்துப் பார்ப்பவர்களுக்கும் வேண்டியது. அதைச் சிறிதாக, எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். நான் பேசுவது அதற்கு மேல் நாமாக எழுதும் எழுத்தைப் பற்றி.

தமிழ் எழுத்து என்பதால் சில தனிக் கவனங்கள். நம் சொற்கள் நீளமானவை. "தேர்ந்தெடுக்கப்பட்டவற்றை" ஒன்றே ஒரு வரியை அடைத்துவிடும். அதனால் ஒரு முறைக்கு நாலைந்து சொல், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கும் நேரம் திரையில் நிற்கட்டும். மெல்லிய எழுத்துருவைத் தவிருங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறினால் புள்ளி மறைந்து "உப்பு" என்பது "உபபு" ஆகிவிடும். எழுத்து எழுத்தாகத் தட்டச்சு ஆவது போன்ற அசைவு சில செயலிகளில் கொம்பையும் காலையும் பிரித்துப் புள்ளி வட்டம் காட்டும். சொல் சொல்லாக வரும் அசைவு என்றால் அந்தச் சிக்கல் இல்லை. வயலில் எடுத்த காட்சியில் தண்ணீர் பளபளக்கும்போது வெள்ளை எழுத்து கரைந்துபோகும், பின்னால் கருப்புப் பட்டை போடுங்கள். திரையின் அடியில் ஏறத்தாழ கால் பங்கையும் வலது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்தையும் காலியாக விடுங்கள். அங்கே கேப்ஷனும் பொத்தான்களும் வந்து உட்காரும்.

போடுவதற்கு முன் மூன்று முறை பாருங்கள். முதலில் கேப்ஷனை மறைத்து, சத்தத்தையும் அணைத்து வீடியோவை மட்டும். மிதப்பது ஆகாது, முட்டை இவ்வளவு, அலச வேண்டும் என்ற மூன்றும் புரிகிறதா? பிறகு வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் கேப்ஷனை மட்டும் கொடுத்து, என்னென்ன வாங்கி வைப்பீர்கள் என்று கேளுங்கள். உப்பு, முட்டை, சூடோமோனாஸ் மூன்றையும் அளவோடு அவர் சொல்லிவிட்டால் சரி. கடைசியாக இரண்டையும் சேர்த்து வைத்து, ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வரும் வரிகளைத் தேடுங்கள். முட்டை வரியையும் அலசுகிற வரியையும் தவிர வேறு ஏதாவது அகப்பட்டால், அது மாறக்கூடிய விவரமா, கண்ணால் பார்த்தே ஆக வேண்டியதா, கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியதா என்று பார்த்து, ஒரு இடத்தில் அடித்துவிடுங்கள்.