எட்டாம் நாளில் சென்ட்ரிங் பிரிக்க மறுத்த மேஸ்திரி

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தேன். அங்கே மேல்தளம் போட்ட எட்டாம் நாள் காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு, அதையொட்டி என் கருத்தையும் எழுதுகிறேன். அந்த மேஸ்திரி செய்தது சரி என்பது மட்டுமன்று, அவர் சொன்ன காரணங்கள் வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை என்றும் கருதுகிறேன்.

சென்ட்ரிங்கை அன்றே பிரிக்கச் சொல்லி வீட்டுக்காரர் கோபத்தோடுதான் வந்தார். பால் காய்ச்சுவதற்கு முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டது. கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் ஷீட்டுக்கும், அதற்கு அடியில் முட்டாக நிற்கும் ஜாக்கிக்கும் நாள் வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. வாடகைக்கு விட்டவரும் வேறோர் இடத்தில் தளம் போட வேண்டியிருப்பதால் பொருள்களைத் திருப்பித் தரும்படி நெருக்கினார். போதாக்குறைக்கு, பக்கத்து மனைக்காரர் ஏழே நாளில் பிரித்துவிட்டுப் பூச்சு வேலையைத் தொடங்கியிருந்தார். "அவங்க வீடு இடிஞ்சா போச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அந்த வீட்டு ரூமு பத்தடி அண்ணே, நம்ம ஹாலு பதினாறடி. ரெண்டுக்கும் ஒரே கணக்கு கிடையாது" என்றார் மேஸ்திரி.

முழு விஷயமும் இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. நம் ஊர்களில் சென்ட்ரிங் பிரிப்பதற்கு ஏழு நாள் அல்லது பத்து நாள் என்று ஒரே எண்ணை எல்லா அறைகளுக்கும் சொல்லிப் பழகிவிட்டார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 அப்படிச் சொல்வதில்லை. தளத்தின் அகலம் 4.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய பதினான்கே முக்கால் அடிக்குள் இருந்தால் முட்டுகளை 7 நாள் வைத்திருக்க வேண்டும்; அதைத் தாண்டினால் 14 நாள். பீமுக்கு அடியில் உள்ள முட்டுகள் 6 மீட்டர் நீளம் வரை 14 நாளும், அதற்கு மேல் 21 நாளும் நிற்க வேண்டும். இவையும் ஓ.பி.சி. எனப்படும் சாதாரண சிமெண்டுக்குச் சொல்லப்பட்டவை. வேறு வகைச் சிமெண்டு என்றால் நாள்களைத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதே விதி கூறுகிறது. இன்று நம் பகுதியில் வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் வாங்கப்படும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டு நாளடைவில் நல்ல வலு பெறும் என்றாலும், முதல் சில நாள்களில் சற்று மெதுவாகத்தான் இறுகும்.

இந்த வீட்டின் ஹால் 20 அடிக்கு 16 அடி. தளத்தின் கனம் ஆறு அங்குலம். ஹாலும் சாப்பாட்டு அறையும் சேரும் இடத்தில் சுவர் இல்லாமல் 20 அடி பீம் ஒன்று போகிறது. 16 அடி என்பது 4.88 மீட்டர், 20 அடி என்பது 6.1 மீட்டர். இரண்டுமே விதி கிழித்த கோட்டைச் சிறிதளவு தாண்டிவிட்டன. ஆகவே ஹாலுக்கு 14 நாள், பீமுக்கு 21 நாள். ஹாலின் மேலுள்ள கான்கிரீட் மட்டுமே 160 கன அடி வருகிறது. அதன் எடை பதினோரு டன்னுக்கும் கூடுதல். எட்டாம் நாளில் முட்டுகளை எடுத்தால் அவ்வளவு எடையையும் இன்னும் முழு வலு பெறாத கான்கிரீட் தனியாகத் தாங்க வேண்டும். அதன்மேல் மாடிச் சுவருக்காக ஆயிரம் செங்கல்லை நடுவில் அடுக்கினால் இன்னும் ஏறக்குறைய மூன்று டன் சேரும். வீட்டுக்காரர் அன்றே கல் இறக்குவதற்கும் ஏற்பாடு செய்திருந்தார்.

பக்கத்து வீடு இடியவில்லை என்ற வாதத்தை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். சீக்கிரம் பிரித்த தளங்களில் பெரும்பாலானவை இடிவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இளம் கான்கிரீட் சுமையை ஏற்கும்போது அதிகமாக வளையும், அந்தச் சுமை நீடிக்கும்போது வளைவு மேலும் கூடிக்கொண்டே போகும். பிறகு எத்தனை வலு ஏறினாலும் அந்தத் தொய்வு நிமிர்வதில்லை. சில ஆண்டுகள் கழித்து மொட்டைமாடியின் நடுவில் மழைநீர் தேங்குவதும், மாடித் தரையில் பதித்த டைல்ஸ் விரிவதும், தளத்தின்மேல் எழுப்பிய தடுப்புச் சுவர் குறுக்காகப் பிளப்பதும் இதனால் நேரக்கூடியவை. அப்போது யாரும் எட்டாம் நாளை நினைத்துப் பார்ப்பதில்லை. சிமெண்டு சரியில்லை, பூச்சு சரியில்லை என்று கொத்தனாரைத்தான் திட்டுவார்கள்.

வீட்டுக்காரர் அடுத்து ஒரு சமாதானம் சொன்னார். ஷீட்டை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, நடுவில் நாலு சவுக்குக் கம்பை மட்டும் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடலாமே என்றார். மேஸ்திரி அதற்கும் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் கழற்றிய அந்த இடைவெளியிலேயே தளம் தன் எடையைத் தாங்கித் தொய்ந்துவிடும், பிறகு கொடுக்கும் முட்டு தொய்ந்த தளத்தைத் தொட்டுக்கொண்டு நிற்குமே தவிர அதைத் தூக்கிவிடாது என்றார். கம்பியின் அமைப்பையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாலின் நடுப்பகுதியில் கம்பிகள் தளத்தின் அடிப்பக்கம்தான் கட்டப்பட்டிருக்கின்றன. நடுவில் மட்டும் ஒரு முட்டு இறுக்கமாக நின்று சுற்றிலும் எடுத்துவிட்டால், தளம் அந்த முட்டின்மேல் சுவர்மீது கிடப்பதுபோல் கிடந்து, கம்பியே இல்லாத மேற்பக்கத்தில் கீறல் விடும். முட்டுகளை நடுவிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி எடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் மட்டும் நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும்.

"அப்ப நான் வேற ஆளை வெச்சுப் பிரிச்சுக்கிறேன்" என்று வீட்டுக்காரர் சொன்னபோது, மேஸ்திரி குரலை உயர்த்தவில்லை. "பிரிங்க அண்ணே. ஆனா நான் வேண்டாம்னு சொன்னதை நோட்டுல எழுதி, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் பிரிங்க" என்றார். நோட்டை யாரும் எடுக்கவில்லை.

மறுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை என்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 10 அடி அகலமுள்ள இரண்டு படுக்கையறைகளும் நாற்புறமும் சுவர்மேல் நிற்பவை. விதிப்படி ஏழு நாளே போதும். ஆனாலும் பி.பி.சி. சிமெண்டு என்பதால் அவற்றைப் பத்தாம் நாள் பிரித்துத் தருவதாகச் சொன்னார். பீமின் பக்கப் பலகைகளை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார். அந்த ஷீட்டுகள் வாடகைக்கு விட்டவரிடம் போய்ச் சேர்ந்தன. பூச்சு வேலை படுக்கையறைகளில் தொடங்கியது. மேலே பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீரும் பங்குனி வெயிலில் காயாமல் பதினான்கு நாளும் நின்றது. செங்கல் தெருவோரம் இறங்கியது.

பதினைந்தாம் நாள் ஹாலைப் பிரித்தபோது நானும் இருந்தேன். சுவருக்குச் சுவர் ஒரு நூலைக் கட்டி, நடுவில் தளத்தின் அடிக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை முதலில் அளந்துகொண்டார். பிறகு நடு ஜாக்கிகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார், கழற்றி எறியவில்லை. ஒவ்வொரு வரிசை தளர்ந்ததும் நூலைப் பார்த்தார். இடைவெளி குறைந்துகொண்டே போனால் அங்கேயே நிறுத்தித் திரும்ப இறுக்க வேண்டும் என்று ஆள்களிடம் முன்பே சொல்லியிருந்தார். அளவில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை. பீமின் முட்டுகள் மேலும் ஒரு வாரம் அப்படியே நின்றன.

இவ்வளவுக்கும் பிறகு கூடுதல் நாள்களின் வாடகையில் ஒரு பங்கை மேஸ்திரியின் கணக்கில் பிடித்துவிட்டார்கள். இது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஹாலின் அகலமும் பீமின் நீளமும் வரைபடத்தில் முதல் நாளிலிருந்தே இருக்கின்றன. எந்த முட்டு எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதை அப்போதே எழுதிவிட முடியும். வீட்டுக்காரர், பொறியாளர், மேஸ்திரி மூவரும் ஒப்பந்தம் போடும்போது அறைவாரியாக இந்த நாள்களைக் குறித்து, சென்ட்ரிங் வாடகையை நாள் கணக்கில் பேசாமல் தளம் ஒன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, அதை வீட்டுக்காரரின் செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும். இனி நான் கொடுக்கும் வரைபடங்களில் ஒவ்வொரு அறைக்குள்ளும் அளவுக்குக் கீழே முட்டு நிற்க வேண்டிய நாளையும் எழுதித் தரப் போகிறேன்.