நிலால ஜெயிச்ச போன் நட்சத்திரத்துலயும் ஜெயிக்குமா?

"நிலா போட்டோல ஃபர்ஸ்ட் வந்த போனையே நைட் ஸ்கைக்கும் ஃபர்ஸ்ட்னு வச்சுக்கலாமா?"

வேணாங்க, ரெண்டும் வேற வேற பரீட்சை. நிலா மேல அடிக்கிறது சூரிய வெளிச்சம், அதனால ஐஎஸ்ஓ 100லயே செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு ஷட்டர் போதும், அங்க பொடிப்பொடி புள்ளியா வர்ற நாய்ஸும் கை ஆட்டமும் பெருசா வராது, ஜூம் லென்ஸோட டீடெயில் மட்டும்தான் மார்க். அதையும் பௌர்ணமில பாக்காதீங்க, நிழலே இல்லாம தட்டையா இருக்கும், அரை நிலால இருட்டும் வெளிச்சமும் சேர்ற கோட்டுல பள்ளங்கள் எவ்வளவு பிரிஞ்சு தெரியுதுன்னு பாருங்க. சில போன் நிலான்னு தெரிஞ்சதும் சாஃப்ட்வேர்லயே டெக்ஸ்சர் ஏத்திடும், அதனால சீன் ஆப்டிமைசர ஆஃப் பண்ணிட்டு எடுத்தத மட்டும் ஒப்பிடுங்க.

நட்சத்திரத்துக்கு எல்லா போனையும் ட்ரைபாட்ல வச்சு, டைமர் போட்டு, ஒரே எக்ஸ்போஷர் நேரத்துல வரிசையா நிக்கிற மூணு நட்சத்திரம் இருக்கே, அந்த ஓரியன் பெல்ட் பக்கம் திருப்புங்க. நாய்ஸ் கம்மியா இருக்கேன்னு உடனே மார்க் போட்டுடாதீங்க, நாய்ஸ துடைக்கிறப்ப மங்கலான நட்சத்திரத்தையும் சேத்து துடைச்சிருக்கும், வானம் வழவழன்னு இருந்தா எனக்கு அங்கதான் சந்தேகமே வரும். போன லேசா நகத்தி இன்னொரு ஷாட் எடுங்க, ரெண்டுலயும் பெல்ட்லேர்ந்து அதே தூரத்துல இருக்குற புள்ளி நட்சத்திரம், ஒண்ணுல மட்டும் இருக்குறது நாய்ஸ், ஃப்ரேம்ல அதே இடத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறது சென்சார்ல இருக்குற ஹாட் பிக்சல். நட்சத்திரம் எல்லாமே ஒரே மாதிரி கோணல்மாணலா வளைஞ்சு இழுத்திருந்தா போன் ஆடியிருக்கு, அந்த ஷாட்ட தூக்கிட்டு திரும்ப எடுங்க.