டப்பா மேல சத்து, உள்ள சீனி

நேத்து ராத்திரி வந்த ஆத்திரத்துல அந்த மால்ட் பவுடர் டப்பாவைத் தெருவுல வீசியிருப்பேன். அம்மா பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. "பேரன் வளர வேணாமா?"

வளரட்டும், யாரு வேணாம்னா? முன்பக்கம் மூளைக்கு, எலும்புக்கு, எதிர்ப்புச் சக்திக்குன்னு கல்யாண போஸ்டர் சைஸ்ல எழுத்து. பின்னாடி எறும்பு சைஸ்ல: 100 கிராம்ல சேர்த்த சர்க்கரை 32 கிராம். மூணுல ஒரு பங்கு! அதுபோக மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கு. அது உடைச்ச மாவுச்சத்து. ரத்தத்துல சீனி மாதிரியே சடசடன்னு ஏறும். ஆனா விதிப்படி அது சர்க்கரைக் கணக்குல வராது, கார்போஹைட்ரேட் வரியில போய் ஒளிஞ்சுக்கும்.

ஒரு வேளைக்கு 20 கிராம்னு போட்டிருக்கான். யாரு வீட்டுல அளந்து போடுறாங்க? அம்மா கோபுரமா அள்ளுற ரெண்டு ஸ்பூனைத் தராசுல வச்சுப் பார்த்தேன், 28 கிராம். அதுல சீனி 9. "இனிப்பு பத்தலை"ன்னு மேல ஒரு ஸ்பூன், அது 5. ஒரு டம்ளருக்கு 14, ரெண்டு வேளைக்கு 28 கிராம். உலக சுகாதார நிறுவனம் மொத்தக் கலோரியில 10 சதவீதத்துக்குக் கீழ, முடிஞ்சா 5 சதவீதத்துக்குள்ள சீனியை நிறுத்தச் சொல்லுது. என் அஞ்சு வயசுப் பையனுக்கு அது சுமார் 34 கிராம், 17 கிராம். அப்ப பிஸ்கட், சாக்லேட்டெல்லாம் எந்தக் கணக்குல வரும்?

சத்துக் கதை இன்னும் மோசம். புரதம் எவ்வளவுன்னு பார்த்தா "பாலுடன் சேர்த்து"ன்னு தனியா ஒரு கட்டம். பவுடர்ல இருக்கிறது ஒண்ணரை கிராம், ஒரு டம்ளர் பால்ல ஆறு கிராம். மாடு குடுத்ததுக்கு இவன் பேர் வாங்குறான்! இரும்புச்சத்தையும் பால்லதான் கலக்கச் சொல்றான். பால்ல இருக்கிற கால்சியமும், டப்பாவுல இருக்கிற கோகோவும் அந்த இரும்பை உடம்புல ஒழுங்கா சேர விடாது. இரத்தசோகைக்கு இதைக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கிற வீடுகளை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

2024 ஏப்ரல்ல ஒன்றிய வணிக அமைச்சகம், இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' வரிசையில இருந்து எடுங்கன்னு ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லுச்சு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாதாம். இத்தனை வருஷமா எதை நம்பிய்யா வாங்கினோம்?

காலையில பையன் தின்னுற சாக்லேட் சீரியலும் இதே லட்சணம்தான். 30 கிராமுக்குக் கணக்கு போட்டிருக்கான், இவன் கிண்ணம் 60 பிடிக்குது.

இன்னிக்குக் காலையில டம்ளர்ல வெறும் வெள்ளைப் பால். அடேங்கப்பான்னு சந்தோஷமா ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். பாயசம்!

"பவுடர்தானே வேணாம்னே? அதான் ரெண்டு ஸ்பூன் சீனி கூடப் போட்டேன்"ங்கிறாங்க.