ஸ்ட்ரீக் அறுந்தா என்னடா, என் ராத்திரிய எவன் திருப்பித் தருவான்?

மறுபடியும் போச்சு. ஒரு நாள் விடாம தினமும் கேமுக்குள்ள லாகின் பண்ணணும்னு இருக்கே ஸ்ட்ரீக், அதுக்கான மாசக் காலண்டர்ல கடைசிக் கட்டத்துப் பரிசுப் பெட்டி. அதுக்கு முந்தின கட்டம் அத்தனையும் டிக் அடிச்சு வச்சிருந்தேன். ஒரே ஒரு லாகின்தான் பாக்கி.

கோத்தகிரியில ஐப்பசி மழை எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சாயங்காலமே எங்கயோ மரம் சாஞ்சு லைன் மேல விழுந்துச்சு, கரண்ட் போச்சு. டவர்ல பேட்டரி தீர்ந்ததும் சிக்னலும் போச்சு. இந்த கேமுக்கு நாள் முடியறது நம்ம ராத்திரி 12 மணிக்கு இல்ல, கிரீன்விச் நள்ளிரவுக்கு. நமக்கு அது விடியக்காலை 5.30.

அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். ஸ்வெட்டர், குல்லா, குடை, டார்ச். "இந்த மழையில எங்கடா போற, கீழ தோட்டத்துல காட்டெருமை நிக்குதுன்னு நேத்துதான சொன்னாங்க"ன்னு அம்மா கத்தறாங்க. தேயிலைத் தோட்டத்துக்கு மேல ஒரு வளைவுல மட்டும் எதிர்ப்பக்க டவர் கொஞ்சம் எடுக்கும். அங்க போய் நின்னேன். ஒரு கோடு வந்துச்சு. கேமைத் திறந்தா, முதல்ல அப்டேட் கேக்குது! அந்த ஒரு கோட்டுல அப்டேட்! அது இறங்குது, நிக்குது, மறுபடி இறங்குது. புதருக்குள்ள ஏதோ சலசலன்னுச்சு. கரடியா இருந்தா என்ன செய்யறதுன்னு யோசிச்சுக்கிட்டே அந்த வட்டம் சுத்தறதப் பாத்துட்டு நிக்கறேன். மணி 5.28. 5.29. லோகோ வருது. அதத் தள்ளிவிட முடியாது, முழுசா பாத்தே ஆகணும். உள்ள போனா 5.31. திரை நடுவுல பெரிசா எழுதியிருக்கு: உங்கள் தொடர் அறுந்துவிட்டது, ஜெம் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

காசு குடுத்தா ஒட்ட முடியும்னா அத அறுத்தது மழை இல்லையே, நீதானே! நான் வரலன்னா உன் சர்வருக்கு என்ன நஷ்டம்? ஒண்ணுமில்ல. ஒட்டற பசைய விக்கறதுக்காகவே அறுக்கற நூலு அது.

ஆட ஆடத் தீர்ந்து, காத்திருந்தா மெதுவா ஏறற எனர்ஜி விவகாரமும் இதே வியாபாரம்தான். கேண்டி க்ரஷ்ல அஞ்சு உயிர், போன உயிர் ஒண்ணு திரும்ப 30 நிமிஷம். கென்ஷின் இம்பாக்ட்ல ரெசின்னு ஒண்ணு, 8 நிமிஷத்துக்கு ஒண்ணா ஏறும். ரொம்ப காலம் அதோட உச்சவரம்பு 160. கணக்குப் போட்டுப் பாருங்க: 21 மணி 20 நிமிஷத்துல நிரம்பிடும். தினம் ஒரே நேரத்துக்கு வர்ற ஆளுக்கு மிச்ச 2 மணி 40 நிமிஷத்துல ஏற வேண்டிய 20 ரெசின் வீண். டொமைன்னு சொல்ற சண்டைக் களம் ஒண்ணுல பரிசு எடுக்க ஆகற விலை சரியா அந்த 20தான். அதாவது ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்தா பத்தாது! 2024-ல வரம்ப 200 ஆக்கினாங்க. இப்ப நிரம்ப 26 மணி 40 நிமிஷம் ஆகும். ஒரு எண்ண மாத்தினதும் எத்தனை பேருக்கு மூச்சு வந்துச்சு. மாத்த முடியற விஷயம்தான்னு இதுலயே தெரியுதில்ல?

எனர்ஜி பார் இருக்கறதே தப்புன்னு நான் சொல்லல. ஸ்டார்டியூ வேலின்னு ஒரு விவசாய கேம், அதுலயும் இருக்கு, ஆரம்பத்துல 270. மண்ணக் கொத்தினா, மரம் வெட்டினா குறையும். ஆனா அது கேமுக்குள்ள இருக்கற நாளோட கட்டினது, என் வீட்டுக் கடிகாரத்தோட இல்ல. அங்க ஒரு நாள் ஏறக்குறைய 14 நிமிஷம். படுத்து எந்திரிச்சா எனர்ஜி திரும்பிடும், பசிச்சா எதையாவது தின்னாலும் ஏறும், நெஜக் காசுக்கு அத விக்கற கடை கிடையாது. தண்ணி ஊத்த மறந்தா பயிர் சாகாது, அன்னிக்கு வளராது, அவ்வளவுதான். ஊத்தி ஊத்திக் கை அலுத்தா ஸ்பிரிங்ளர் செஞ்சு நட்டுக்கலாம். மூடி வச்சுட்டு அடுத்த சீசன் முடிஞ்சு வந்து திறங்க, விட்ட அதே காலை 6 மணிக்கு உங்க தோட்டம் நிக்கும். 2016-ல எரிக் பரோன்னு ஒரே ஆள் செஞ்ச கேம். ஒரு தடவை காசு, முடிஞ்சுது. ஃபார்ம்வில்ல நம்ம வராத நேரத்துல பயிரக் கருக வச்சாங்களே, அதே விவசாயந்தானே இதுவும்!

மலையில இருக்கறவங்க எந்த கேமா இருந்தாலும் இறக்கின கையோட ஃப்ளைட் மோடுல போட்டுத் திறந்து பாருங்க. தனியா ஆடற கேம் நெட் இல்லாம உள்ளயே விடலன்னா, அது உங்க நேரத்த சர்வர்ல வச்சு எண்ணுதான்னு சந்தேகப்படுங்க.

இதெல்லாம் எழுதிட்டு இருக்கும்போதே ரீசார்ஜ் முடியுதுன்னு மெசேஜ் வருது. மாசம்னு நெனச்சுப் போடறோம், 28 நாள்தான் ஓடுது. வருஷத்துக்கு பதிமூணு தடவை கட்டறோம். பதிமூணாவது மாசம் எந்தக் காலண்டர்ல இருக்கு, சொல்லுங்க! அதுவும் பாதி நாள் டவரே இல்லாத ஊர்ல!