ஜிம்மில் நடக்கவும் ரோட்டில் ஓடவும் ஒரே ஷூ போதுமா?

ட்ரெட்மில்லில் நடந்து பழகியவர்கள் வெளியே ரோட்டில் ஓட ஆரம்பிக்கும்போது கேட்கிற முதல் கேள்வி இதுதான். எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும் கேட்டுவிடுகிறார்கள். "உள்ளே ஒன்று, வெளியே ஒன்று கட்டாயம் வேண்டும்" என்று சிலர் பதில் சொல்கிறார்கள். "ஷூவில் என்ன இருக்கிறது, இருப்பதைப் போட்டுக்கொண்டு ஓடுங்கள்" என்று வேறு சிலர். எனக்கு இரண்டிலுமே உடன்பாடு இல்லை.

ஓடுவதற்கென்றே செய்த ஷூ நல்ல நிலையில் ஒன்று இருந்தால், ட்ரெட்மில் நடைக்கும் ரோட்டு ஓட்டத்துக்கும் அதுவே போதும். ஆனால் நடைக்கென்று வாங்கிய ஷூவையோ, எடை தூக்குகிறவர்கள் போடுகிற தட்டையான ஷூவையோ ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதையும்விட, ஜிம்முக்குள் மட்டுமே ஒன்றிரண்டு வருடம் போட்ட ஷூவை "இன்னும் புதுசாகத்தானே இருக்கிறது" என்று ரோட்டில் இறக்கவே இறக்காதீர்கள். இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

பெரும்பாலானவர்கள் தரையை வைத்து யோசிக்கிறார்கள். ரோடு கெட்டி, ட்ரெட்மில் பலகை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், அதனால் ஷூ வேறு வேண்டும் என்று. பலகை அமுங்குவது உண்மைதான், மெஷினுக்கு மெஷின் அளவு மாறும். ஆனால் ஷூவைத் தீர்மானிக்கிற பெரிய வித்தியாசம் தரையில் இல்லை, நடையா ஓட்டமா என்பதில் இருக்கிறது. நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு எட்டுக்கும் நடுவில் ஒரு கணம் இரண்டு காலும் காற்றில் இருக்கும். அந்தரத்திலிருந்து இறங்குகிற உடம்பை ஒற்றைக் கால் தாங்க வேண்டும்.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ட்ரெட்மில்லில் மணிக்கு ஐந்தரை கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் நடக்கிறார். நிமிடத்துக்குச் சுமார் 110 எட்டு என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 5000 எட்டு. அதே ஆள் வேறொரு நாள் வெளியே 5 கி.மீ. ஓடுகிறார், 32 நிமிடம் ஆகிறது. நிமிடத்துக்கு 160 எட்டு வைத்தாலும் அதே 5000 பக்கம்தான் வரும். எட்டுகளின் எண்ணிக்கை ஒன்றுதான், பாரம்தான் வேறு. நடையில் ஒவ்வொரு எட்டிலும் பாதத்தின் மேல் வருகிற விசை உடல் எடையைவிடச் சற்றுத்தான் கூடுதல், எண்பது கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டத்தில் அது உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. இரண்டரை மடங்கு என்றால் 175 கிலோ. அதே ஐயாயிரம் முறை, இருமடங்குக்கும் மேலான பாரம்.

இதனால்தான் ஓட்ட ஷூவில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் அடியில் ஃபோம் தடிமனாக இருக்கிறது. நடைக்கு அவ்வளவு தேவையில்லை, இருந்தாலும் பெரும்பாலும் கெடுதல் இல்லை. எடை தூக்குகிற ஷூ நேர்மாறானது. கீழே அமுங்காமல் கால் ஆடாமல் நிற்க வேண்டும் என்பதற்காக அதன் அடிப்பாகத்தை மெல்லியதாகவும் கெட்டியாகவும் செய்திருப்பார்கள். ஸ்குவாட்டுக்கு அது நல்லது. ஐந்து கிலோமீட்டர் ரோட்டுக்கு அது தாங்காது.

சரி, இப்போது அந்தப் "புதுசாகத்தானே இருக்கிறது" விஷயம்.

ஷூ தேய்ந்துவிட்டதா என்று பார்க்க எல்லோரும் திருப்பிப் போட்டு அடி ரப்பரைத்தான் பார்க்கிறார்கள். ரோட்டில் ஓடுகிறவருக்கு அது ஓரளவு சரி, தார் ரப்பரை அரத்தால் ராவுகிற மாதிரி ராவிவிடும். குதிகாலின் வெளி ஓரம் முதலில் வழவழப்பாகும். ட்ரெட்மில் பெல்ட் அப்படி ராவாது. அதில் மட்டுமே நடந்த ஷூவின் பள்ளங்கள் இரண்டு வருடம் கழித்தும் கடையில் பார்த்தது போலவே கூர்மையாக இருக்கும். மேல்துணியில் மண் கறை இல்லை, வெயிலும் பட்டதில்லை. பார்க்கிறவருக்கு ஷூ புதிது. ஆனால் ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவில் இருக்கிற ஃபோம் ஒவ்வொரு எட்டிலும் அமுங்கி அமுங்கி நிமிர்ந்திருக்கிறது. அது முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்று அறைகள். ஆயிரக்கணக்கான முறை நசுங்கிய பிறகு அந்த அறைகளின் சுவர்கள் தளர்ந்துபோய், பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை.

எங்கள் குழுவில் ஒரு நண்பருக்கு நடந்தது இதுதான். வாரம் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் நான்கு கி.மீ.க்குச் சற்று மேல் ட்ரெட்மில் நடை, ஒரே ஷூவில் இரண்டு வருடம். வாரத்துக்கு 16 கி.மீ. என்றாலே வருடத்துக்கு 830 கி.மீ., இரண்டு வருடத்துக்கு 1660. சாதாரண ஓட்ட ஷூவுக்குப் பொதுவாகச் சொல்கிற ஆயுள் 500 முதல் 800 கி.மீ. நடை என்பதால் பாதியாகக் கணக்கு வைத்தால்கூட அந்த ஃபோம் தன் காலத்தை முடித்துவிட்டது. அந்த ஷூவோடு ரோட்டில் வாரம் மூன்று நாள் ஓட ஆரம்பித்தார். மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள் ஓரத்தில் வலி, தொட்டால் கூசுகிறது. ஷூ மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். நடையிலிருந்து ஓட்டத்துக்குத் திடீரென்று மாறினாலே அந்த இடம் வலிக்கும். ஆனால் அந்த மாற்றம் நடக்கிற நேரத்தில்தானே காலுக்கு நல்ல ஃபோம் வேண்டும்!

அவருடைய ஷூவை மேஜை மேல் வைத்துப் பார்த்தோம். நீங்களும் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. கண் மட்டத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் நேராக நிற்க வேண்டும். அவருடையது உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்புறம் ஃபோமின் பக்கச் சுவரைப் பாருங்கள். கால் அழுத்தாதபோதும் மறையாத ஆழமான மடிப்புக் கோடுகள் இருந்தால் அந்த இடம் தளர்ந்துவிட்டது. கடைசியாக உள்ளே இருக்கிற இன்சோலை எடுத்துவிட்டு, குதிகால் படுகிற இடத்தையும் நடுப்பாத வளைவுக்கு அடியில் உள்ள இடத்தையும் கட்டை விரலால் அழுத்துங்கள். நடுப்பகுதி அதிகம் மிதிபடாததால் அங்கே ஃபோம் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கும். சில ஷூவில் இரண்டு இடத்திலும் வேறு வேறு ஃபோம் வைத்திருப்பார்கள் என்பதால் இது மட்டும் போதாது, மற்ற இரண்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய ஷூவில் குதிகால் இடம் பலகை போல இருந்தது.

ஆக, ஒரே ஜோடி என்று முடிவெடுத்தால் கணக்கையும் சேர்த்தே வைக்க வேண்டும். வாரம் மூன்று நாள் ஐந்தைந்து கி.மீ. ஓட்டம் 15. நான்கு நாள் நடை 16. நடையைப் பாதியாக எண்ணினால் 8. மொத்தம் வாரத்துக்கு 23. 500 கி.மீ.க்கு ஐந்து மாதம் வரும். நடையைப் பாதியாக எண்ணுவது என் கைக்கணக்குதான், உடல் கனமானவர்கள் முழுதாகவே எண்ணிக்கொள்ளட்டும். ஐந்தாம் மாதத்திலிருந்து மேலே சொன்னபடி மேஜை மேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தால் போதும்.

அந்தக் கட்டத்தில் புது ஜோடி வாங்கும்போது பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். புதியது ரோட்டுக்கு, பழையது ட்ரெட்மில்லுக்கு. ஓட்டத்துக்குப் போதாத ஃபோம் நடைக்கு இன்னும் சில மாதம் போதும், குதிகால் சாயாமல் நேராக நிற்கிறவரை. ஷூ ரோட்டிலிருந்து ஜிம்முக்குப் போகலாம், ஜிம்மிலிருந்து ரோட்டுக்கு வரக் கூடாது. வசதி இருக்கிறவர்கள் முதலிலிருந்தே இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதிலும் பலன் உண்டு. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு புதிதாக ஆரம்பிக்கிறவரிடம் இரண்டு ஜோடி வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஜிம்காரர்கள் வெளி ஷூ வேண்டாம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரோட்டில் ஓடிவிட்டு வந்து ஷூவின் அடியைப் பாருங்கள், பள்ளங்களில் பொடிக் கற்களும் மணலும் சிக்கியிருக்கும். அவை பெல்ட்டின் மேல் விழுந்து, ஓரம் வழியாகப் பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் போய்விட்டால் இரண்டையும் உரசித் தின்னும். ஒரே ஜோடிக்காரர்கள் ஜிம்முக்குக் கிளம்பும் முன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேய்த்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அங்கே மாட்டிக்கொள்வதுதான் மரியாதை.

ஒரு விதிவிலக்கு. உள்ளே கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவும், மிக உயரமான, மிக மெத்தென்ற ஃபோம் வைத்த சில ஷூக்களும் ட்ரெட்மில் நடைக்குப் பொருந்தாது. நடக்கும்போது விரல் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்க வேண்டும். தகடு மடங்க விடாது. மெத்தென்ற உயர ஃபோமில் மெதுவாக நடந்தால் கணுக்கால் இரண்டு பக்கமும் ஆடும். ட்ரெட்மில்லைச் சாய்த்து வைத்து ஏற்றத்தில் நடப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அங்கே முன்பாதம் அதிகம் மடங்கும், குதிகால் ஷூவுக்குள் மேலே வழுக்கும். ஏற்ற நடை அதிகம் செய்பவர்கள் ஷூவின் மேல் கடைசி ஓட்டை வரை லேஸைக் கோத்து இறுக்கிக்கொண்டால் குதிகால் நிற்கும்.

ரோட்டுக்கும் ஜிம்முக்குமாக ஒன்று வாங்கப் போகிறவர்கள் நடுத்தர ஃபோம் உள்ள, முன்பாதத்தில் கையால் வளைத்தால் வளைகிற, தகடு இல்லாத, தினசரிப் பயிற்சிக்கான சாதாரண ஓட்ட ஷூவைக் கேளுங்கள். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். ஓடும்போது விரல் முன்னே போகும் என்பதால் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். நடக்க மட்டும் சரியாக இருக்கிற அளவு ஓட்டத்தில் நகத்தைக் கறுக்க வைத்துவிடும்.