சிவந்த கழுத்து இருந்தால் பச்சோந்தியா?

“வேலியில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பச்சோந்தியைப் பாருங்கள், நிறம் மாறித் தலையும் கழுத்தும் ரத்தச் சிவப்பாகிவிட்டது!”

ஒரு படத்தோடு வந்த இந்த வரி தவறு. படத்தில் இருப்பது ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கும். நிறம் மாறுவது பச்சோந்திக்கு மட்டுமே உரியதல்ல, அதனால் நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது.

படத்தைப் பெரிதாக்கி முதலில் காலைப் பாருங்கள். ஐந்து விரல்களும் நீளமாக, தனித்தனியாக, நகத்தோடு விரிந்திருக்கின்றன. பச்சோந்திக்கு அவை இரண்டும் மூன்றுமாக ஒட்டி, கிளையைக் கவ்வும் இடுக்கிபோல இருக்கும். அடுத்து வால்: ஓணானுக்கு உடலைவிட நீளமாக, சாட்டைபோல மெலிந்து போகும்; பச்சோந்தி தன் வாலைச் சுருட்டிக் கிளையைப் பற்றும். ஓணானின் செதில்கள் முகடு கொண்டவை, தொட்டால் சொரசொரப்பானவை. பிடரியில் முள் வரிசையும் தெரியும். பச்சோந்தியின் தோலில் பொடிமணி போன்ற செதில்கள்தான்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளும் அரணை, பல்லி இரண்டையும் பிரிப்பது எளிது. அரணையின் செதில்கள் எண்ணெய் பூசியதுபோல வழுவழுப்பாகப் பளபளக்கும். வீட்டுப் பல்லிக்கு விரலடியில் அகன்ற ஒட்டுத்திண்டு உண்டு, இமை கிடையாது. ஆனால் தரையில் வாழும் சில பல்லிகளுக்குத் திண்டு இருக்காது. அங்கே பெரும்பாலும் இமையற்ற கண்ணை நம்பலாம்.

பல்லி, அரணை இரண்டுக்கும் வால் அறுந்து மறுபடி வளரும். புதுவால் குட்டையாக, தடித்து, வேறு நிறமாக இருக்கலாம். அப்படிப்பட்ட படத்தில் வாலை விட்டுவிட்டு விரலையும் செதிலையும் மட்டும் பாருங்கள்.