பஸ் விடுவம் எண்டு சொல்லாத வேட்பாளர்

எலெக்சன் எண்டா எங்கட கம்பஸிலயும் வாய்க்கு வந்ததெல்லாம் வாக்குறுதிதான். ஒருத்தர் மஹாபொல காசைக் கூட்டித் தருவாராம். தம்பி, அது கொழும்பில முடிவெடுக்கிற விசயம், மாணவர் ஒன்றியத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனா செகண்ட் இயர் தங்கச்சி ஒராள் கதைச்சதைத்தான் எழுதோணும் எண்டு இருக்குது. அவள் எடுத்தது மன்னார் ரோட்டு பஸ் பிரச்சினை. பிராக்டிக்கல் முடிய அஞ்சரை, வவுனியா டவுனுக்குப் போற சிரிபி பஸ் அஞ்சு பத்துக்கே போயிடும், பிறகு வாறது பிரைவேட். சீசன் வச்சிருக்கிற பிள்ளையளுக்கு அதில சீசன் செல்லாது, அப்ப கைக்காசு குடுத்து ஏறோணும், இல்லாட்டி இருட்டுமட்டும் ரோட்டில நிக்கோணும். சீசனுக்கும் கட்டி டிக்கெட்டுக்கும் கட்டுறது எவ்வளவு அநியாயம் எண்டு தூர இடத்துப் பிள்ளையளுக்குத்தான் தெரியும்.

அவள் புது பஸ் கேக்கேல்ல. புது பஸ் எண்டா வண்டி வேணும், டிரைவர் கொண்டக்டர் வேணும், "இல்லை" எண்டு சொல்லுறது டிப்போவுக்கு லேசு. ஓடுற அந்த அஞ்சு பத்து பஸ்ஸை அஞ்சு நாப்பதுக்குத் தள்ளச் சொல்லித்தான் கேக்கிறாள். அதுக்கு முதல் ரெண்டு கிழமை பஸ் ஹோல்ட்டில ஆக்களை நிப்பாட்டி, அஞ்சரைக்குப் பிறகு எத்தினை பேர் நிக்கினம், அதில சீசன்காரர் எத்தினை பேர் எண்டு நாளுக்கு நாள் எழுதுறதாம். அந்தக் கணக்கோட ஒன்றியத்தின்ர கடிதம், அதுக்கு மேல பதிவாளரின்ர கடிதம், ரெண்டும் சேர்ந்து டிப்போ மனேஜருக்கு. பதிவாளர் கையெழுத்து இல்லாட்டி எங்கட கடிதம் ஃபைலுக்கதான் கிடக்கும், அது சரியான கதை.

பின்னால இருந்து ஒரு பொடியன் கேட்டான், "லீவுக்கு பஸ் காலியா ஓடினா பழைய நேரத்துக்கே மாத்திடுவாங்களே அக்கா?" நல்ல கேள்வி. செமஸ்டர் கலண்டரையும் கடிதத்தோட இணைக்கிறன், லீவு நாளில பழைய நேரத்துக்கே ஓடட்டும் எண்டாள். யோசிச்சுத்தான் வந்திருக்கிறாள்.

எனக்கு இடிக்கிறது ஒண்டுதான். பிரைவேட் பஸ்காரரைப் பற்றி அவள் மூச்சு விடேல்ல. சிரிபியின்ர நேரத்தை அரை மணித்தியாலம் தள்ளினா பின்னால வாற பிரைவேட்காரரின்ர முறையில போய் இடிக்கும், அவங்கள் சும்மா இருப்பாங்களா, ரோட்டில மறிச்சுச் சண்டை பிடிக்கிறதைப் பாக்காத ஆக்களா நாங்கள்? டிப்போவுக்குப் போக முதல் அவங்கட சங்கத்தோட கதைக்கோணும், முடிஞ்சா பதிவாளரையும் வச்சுக்கொண்டு. கடிதம் எந்த மாசத்துக்குள்ள போகும் எண்டும் அவள் சொல்லேல்ல, ஒன்றியத்துக்கு இருக்கிறதே ஒரு வருசம், அதிலயும் எக்ஸாம், ஸ்டடி லீவு எண்டு பாதி போயிடும்.

வெள்ளிக்கிழமை திரும்பவும் கூட்டமாம். இந்த ரெண்டையும் எழும்பிக் கேக்கப் போறன், பதில் சரியா வந்தா என்ர வோட் அவளுக்குத்தான்.